தேர்ந்தெடுத்த மாதத்தின் நெடுவரிசைக்கு மட்டும் நிறம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழுள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எக்செல் அட்டவணைதான் அடிப்படை. A1 செல்லில் மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் டிராப்-டவுன் பட்டியல் இருக்கிறது. மூன்றாம் வரிசையில் B3 முதல் M3 வரை ஜனவரியிலிருந்து டிசம்பர் வரையிலான தலைப்புகள் இருக்கின்றன. A3-இல் "செலவு இனம்" என்ற தலைப்பும், அதன் கீழே A4 முதல் A20 வரை இனங்களின் பெயர்களும், B4 முதல் M20 வரை தொகைகளும் உள்ளன. உங்கள் அட்டவணை வேறு இடத்தில் தொடங்கினால் செல் முகவரிகளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மேலே ஒரு செல்லில் "ஜூன்" என்று தேர்ந்தெடுத்தால் ஜூன் நெடுவரிசை முழுவதும் நிறம் மாற வேண்டும். என்ன ஃபார்முலா கொடுப்பது?

B3 செல்லில் தொடங்கி M20 வரை இழுத்துத் தேர்ந்தெடுங்கள். தலைப்பு வரிசையும் நிறம் பெற வேண்டும் என்பதால் மூன்றாம் வரிசையிலிருந்தே தொடங்குகிறோம். பிறகு எக்செலின் Home பட்டையில் Conditional Formatting, அதில் New Rule, அதில் Use a formula to determine which cells to format என்பதைத் தேர்ந்தெடுத்து, பெட்டியில் இதை எழுதுங்கள்:

```
=B$3=$A$1
```

Format பொத்தானை அழுத்தி Fill பகுதியில் ஒரு வெளிர்நிறத்தைத் தேர்ந்தெடுத்து, OK கொடுத்தால் வேலை முடிந்தது. அடர்ந்த நிறத்தின் மேல் எண்களைப் படிக்கக் கண் வலிக்கும். ஆகவே மிக மெல்லிய மஞ்சளோ நீலமோ போதும் என்பது என் கருத்து.

பெட்டிக்குள் எழுதும்போது இரண்டு இடங்களில் பலர் தடுமாறுகிறார்கள். முதலாவது, எழுதியதைத் திருத்த அம்புக்குறி விசையை அழுத்தினால், கர்சர் நகராமல் ஏதோ ஒரு செல் முகவரி நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். முதலில் F2 விசையை அழுத்திவிட்டால் அம்புக்குறிகள் வழக்கம்போலக் கர்சரை நகர்த்தும். இரண்டாவது, தொடக்கத்தில் உள்ள சமக்குறியை விட்டுவிட்டால் எக்செல் நீங்கள் எழுதியதை மேற்கோள் குறிகளுக்குள் வைத்து வெறும் எழுத்தாக மாற்றிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, நிறமும் வராது. விதியைத் திறந்து பார்க்கும்போது `="B$3=$A$1"` என்று இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

ஒரு இடத்தில் எண்ணுக்கு முன்னால் மட்டும் டாலர் குறி, இன்னொரு இடத்தில் இரண்டுக்கும் முன்னால். இது ஏன்? எப்படிப் போட்டாலும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. இந்த முழு உத்தியும் அந்த டாலர் குறி நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது.

நீங்கள் ஒரே ஒரு ஃபார்முலாவை எழுதுகிறீர்கள். எக்செல் அதைத் தேர்ந்தெடுத்த பகுதியின் ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு, விடை TRUE என்று வரும் செல்லுக்கு மட்டும் நிறம் கொடுக்கிறது. ஒரு செல்லில் எழுதிய ஃபார்முலாவைக் கீழேயும் வலப்புறமும் இழுத்து நிரப்பும்போது முகவரிகள் எப்படி நகருமோ, அப்படியே இங்கும் கண்ணுக்குத் தெரியாமல் நகர்கின்றன. டாலர் குறிக்குப் பின்னால் வருவது நகராது.

இப்போது A1-இல் "ஜூன்" இருப்பதாக வைத்துக்கொண்டு G7 செல்லைப் பாருங்கள். `B$3` என்பதில் B-க்கு முன்னால் டாலர் இல்லை. ஆகவே ஃபார்முலா ஐந்து நெடுவரிசைகள் தள்ளிப் போகும்போது B என்பது G ஆகிறது. 3-க்கு முன்னால் டாலர் இருப்பதால், நான்கு வரிசைகள் கீழே போனாலும் 3 அப்படியே நிற்கிறது. `$A$1` எங்கும் நகராது. ஆக, G7 தனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி `=G$3=$A$1` என்பதே. G3-இல் "ஜூன்" இருப்பதால் விடை TRUE. G15-உம் G20-உம் அதே G3-ஐத்தான் பார்க்கின்றன. எனவே அவையும் நிறம் பெறுகின்றன. F7 செல்லோ F3-இல் உள்ள "மே" என்பதைப் பார்த்து FALSE என்று விட்டுவிடுகிறது. ஒரு நெடுவரிசையில் உள்ள எல்லாச் செல்களும் தங்கள் தலைப்பையே அண்ணாந்து பார்க்க வைப்பதுதான் 3-க்கு முன்னால் உள்ள டாலரின் வேலை.

டாலரை இடம் மாற்றினால் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துவைத்திருப்பது பயனுள்ளது. ஏனெனில் திரையில் தெரியும் தவறைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். முதல் முகவரியில் டாலரே இல்லாமல் `=B3=$A$1` என்று எழுதினால் ஒவ்வொரு செல்லும் தன்னையே A1-உடன் ஒப்பிடும். ஆகவே ஜூன் என்ற தலைப்புச் செல் மட்டும் நிறம் பெற்று, அதன் கீழே உள்ள தொகைகள் வெறுமையாக இருக்கும். `=$B$3=$A$1` என்று எழுதினால் எல்லாச் செல்களும் ஜனவரித் தலைப்பை மட்டுமே பார்க்கும். ஜனவரியைத் தேர்ந்தெடுத்தால் அட்டவணை முழுவதும் நிறம் மாறும், வேறு எந்த மாதத்துக்கும் ஒன்றும் நடக்காது. `=$B3=$A$1` என்று எழுதினால் ஜனவரியைத் தேர்ந்தெடுக்கும்போது தலைப்பு வரிசை மட்டும் இடமிருந்து வலமாக நிறம் பெறும்.

பெட்டியில் இருக்கும்போது ஒரு செல்லைச் சொடுக்கினால் எக்செல் தானாகவே `$B$3` என்று இரண்டு டாலர்களையும் போட்டுவிடும். இந்தத் தவறு இவ்வளவு பரவலாக இருப்பதற்கு அதுவே காரணம். சொடுக்கிய உடனே F4 விசையை ஒரே ஒரு முறை அழுத்தினால் அது `B$3` ஆக மாறும்.

டாலர் குறியெல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் ஜனவரி என்று கொடுத்தால் டிசம்பர் நெடுவரிசை நிறம் மாறுகிறது. மற்ற மாதங்களுக்கு எதுவும் நடக்கவில்லை. ஏன்?

நீங்கள் M20-இல் தொடங்கி B3-ஐ நோக்கி மேலே இழுத்துத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். பெட்டியில் எழுதும் ஃபார்முலாவை எக்செல் அப்போது செயலில் உள்ள செல்லுக்கு உரியதாக எடுத்துக்கொள்கிறது. தேர்ந்தெடுத்த பகுதியில் நிறம் படியாமல் வெள்ளையாக நிற்கும் ஒரே செல்தான் அந்தச் செல். இழுக்கத் தொடங்கிய செல்லும் அதுவே. M20 செயலில் இருக்கும்போது `B$3` என்று எழுதினால், "எனக்குப் பதினொரு நெடுவரிசை இடப்பக்கம் உள்ள தலைப்பைப் பார்" என்று பொருளாகிவிடுகிறது. ஆகவே டிசம்பர் நெடுவரிசை ஜனவரித் தலைப்பைப் பார்க்கிறது. B நெடுவரிசைக்குப் பதினொரு இடம் இடப்பக்கம் போக இடமே இல்லை. அப்போது எக்செல் தாளின் வலது ஓரத்துக்குச் சுற்றிவந்துவிடும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. B3-ஐச் சொடுக்கிவிட்டு Conditional Formatting பட்டியலில் Manage Rules என்பதைத் திறங்கள். `XEU$3` போன்ற, நீங்கள் ஒருபோதும் எழுதாத முகவரி ஒன்று விதியில் தென்பட்டால் இதுதான் காரணம். B3 செயலில் இருக்கும் அந்த நிலையிலேயே Edit Rule கொடுத்து, ஃபார்முலாவை மீண்டும் `=B$3=$A$1` என்று எழுதிவிட்டால் சரியாகிவிடும்.

கூகுள் ஷீட்ஸில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அங்கே Format பட்டியலில் Conditional formatting, அதில் Custom formula is என்பதைத் தேர்ந்தெடுத்து, Apply to range பெட்டியில் `B3:M20` என்று கொடுக்கிறோம். ஃபார்முலா எப்போதும் அந்தப் பகுதியின் இடது மேல் மூலையிலுள்ள செல்லுக்கு உரியதாகவே கொள்ளப்படுகிறது.

எந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தாலும் எதுவுமே நிறம் மாறவில்லை. ஃபார்முலாவைப் பத்து முறை சரிபார்த்துவிட்டேன்.

ஃபார்முலாவை விட்டுவிட்டு இரண்டு செல்களின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். அட்டவணைக்குக் கீழே காலியாக உள்ள B22 செல்லில் `=B$3=$A$1` என்று எழுதி M22 வரை இழுத்து நிரப்புங்கள். நிறம் தரும் விதி உள்ளே என்ன விடையைக் காண்கிறதோ, அது இப்போது உங்கள் கண்ணுக்கு முன்னால் TRUE, FALSE என்று தெரியும். தேர்ந்தெடுத்த மாதத்தின் கீழ் TRUE வந்தும் நிறம் இல்லை என்றால், சிக்கல் விதியில்தான் இருக்கிறது: ஃபார்முலா மேற்கோள் குறிக்குள் சிக்கியிருக்கலாம், அல்லது Format-இல் நிறத்தைத் தேர்ந்தெடுக்க மறந்திருக்கலாம். பன்னிரண்டும் FALSE என்றால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு செல்களும் உண்மையில் வேறுபட்டவை.

மிகவும் பொதுவான வேறுபாடு, ஒன்று எழுத்தாகவும் மற்றொன்று தேதியாகவும் இருப்பது. ஒரு செல்லில் `Jun 2025` என்று தட்டினால் எக்செல் அதை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை. 2025 ஜூன் 1 என்ற தேதியாக மாற்றி, திரையில் மட்டும் மாதத்தையும் ஆண்டையும் காட்டுகிறது. அந்தச் செல்லுக்குள் இருப்பது 45809 என்ற எண். A1-இல் "Jun" என்ற எழுத்து இருந்தால், எண்ணும் எழுத்தும் ஒருபோதும் சமமாகா. `=ISNUMBER(G3)` என்று ஒரு காலிச் செல்லில் எழுதிப் பாருங்கள்; TRUE என்றால் தலைப்பு தேதிதான். A1-ஐயும் அவ்வாறே சோதியுங்கள்.

இரண்டும் எழுத்துதான் என்றால், அடுத்து ஐயப்பட வேண்டியது கூடுதல் இடைவெளி. "ஜூன்" என்ற சொல்லுக்கு `=LEN(G3)` தரும் விடை 4; ஏனெனில் ஊகாரக் குறியும் புள்ளியும் தனித்தனி எழுத்துக்குறிகளாகவே எண்ணப்படும். விடை 5 என்று வந்தால் முன்னாலோ பின்னாலோ ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேறு கோப்பிலிருந்து ஒட்டிய தலைப்புகளில் இது அடிக்கடி நேர்கிறது. `=TRIM(B$3)=TRIM($A$1)` என்று ஃபார்முலாவை மாற்றிச் சமாளிக்கலாம். ஆனால் இணையப் பக்கங்களிலிருந்து வரும் ஒருவகை இடைவெளியை TRIM நீக்குவதில்லை. எனவே தலைப்பைத் திருத்துவதே நல்லது.

தமிழில் தலைப்பு எழுதுவோருக்கு மூன்றாவது வாய்ப்பும் உண்டு. செப்டம்பர் என்றும் செப்டெம்பர் என்றும், ஆகஸ்ட் என்றும் ஆகஸ்டு என்றும் எழுதுகிறோம். படிப்பவர் பொருட்படுத்தமாட்டார், எக்செல் பொருட்படுத்தும். டிராப்-டவுன் பட்டியலில் மாதங்களைக் கையால் தட்டாதீர்கள். Data Validation-இல் List என்பதைத் தேர்ந்தெடுத்து, Source பெட்டியில் `=$B$3:$M$3` என்று தலைப்பு வரிசையையே கொடுத்துவிடுங்கள். ஒரே வரிசையாக இருக்கும்வரை கிடைமட்டப் பகுதியையும் அது ஏற்றுக்கொள்ளும். தலைப்பில் எந்த எழுத்து இருக்கிறதோ அதுவே A1-க்கும் வரும் என்பதால், எழுத்துப்பிழைக்கும் இடைவெளிக்கும் அதன்பின் இடமே இல்லை.

என் தலைப்புகள் எல்லாம் தேதிகள்தான். அவற்றை மாற்ற முடியாது. எப்படி ஒப்பிடுவது?

A1-இல் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. A1-இலும் தேதியே இருந்து, அட்டவணை ஒரே ஆண்டுக்கு உரியது என்றால், மாத எண்ணை ஒப்பிட்டால் போதும்:

```
=AND($A$1<>"",MONTH(B$3)=MONTH($A$1))
```

தொடக்கத்தில் உள்ள `$A$1<>""` என்ற பகுதியைத் தேவையற்றது என்று நீக்கிவிடாதீர்கள். காலிச் செல்லை எக்செல் சுழி என்று கொள்கிறது. சுழியின் மாதம் அதன் கணக்கில் ஜனவரி. ஆகவே A1-ஐ அழித்துவிட்டால் ஜனவரி நெடுவரிசை நிறம் பெற்று நிற்கும். கூகுள் ஷீட்ஸில் நாள் கணக்கு 1899 டிசம்பர் 30-இல் தொடங்குவதால், அதே ஃபார்முலா அங்கே டிசம்பரை நிறமாக்கும். நான் ஒருமுறை அந்தப் பகுதியில்லாத அட்டவணை ஒன்றைப் பிறருக்கு அனுப்பி, அவர்கள் எதையுமே தேர்ந்தெடுக்காமல் "ஜனவரிக் கணக்கு" என்று நம்பிப் படித்துக்கொண்டிருந்ததைப் பிறகுதான் அறிந்தேன். அன்றிலிருந்து இந்த நிபந்தனையை நான் விடுவதில்லை.

அட்டவணை ஓர் ஆண்டைத் தாண்டினால் மாத எண் மட்டும் போதாது. 2025 ஜனவரியும் 2026 ஜனவரியும் சேர்ந்தே நிறம் பெறும். அப்போது ஆண்டையும் ஒப்பிட வேண்டும்:

```
=AND($A$1<>"",YEAR(B$3)=YEAR($A$1),MONTH(B$3)=MONTH($A$1))
```

தலைப்பு தேதியாகவும், A1 "ஜூன்" என்ற தமிழ்ச் சொல்லாகவும் இருப்பதும் உண்டு. ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான பெயர்களை O3 முதல் O14 வரை வரிசையாக எழுதி, டிராப்-டவுன் பட்டியலுக்கு அதையே மூலமாகக் கொடுங்கள். அந்தப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ அதுதான் மாத எண்:

```
=MONTH(B$3)=MATCH($A$1,$O$3:$O$14,0)
```

A1 காலியாக இருந்தால் MATCH பிழையைத் தரும். பிழை வரும் செல்லுக்கு நிறம் கிடைக்காது என்பதால் இங்கே தனி நிபந்தனை வேண்டியதில்லை. `TEXT(B$3,"mmm")` என்று தேதியை எழுத்தாக்கி ஒப்பிடும் வழியைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அது தரும் மாதப் பெயர் கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து மாறும். உங்களிடம் வேலை செய்த கோப்பு இன்னொருவரிடம் வேலை செய்யாமல் போகலாம். எண்ணை ஒப்பிடுவதையே நான் விரும்புகிறேன்.

ஓர் எச்சரிக்கை: இந்தப் பகுதியை எக்செலின் Table ஆக மாற்றினால், தலைப்புத் தேதிகள் அனைத்தும் அந்தக் கணமே எழுத்தாகிவிடும். நேற்றுவரை வேலை செய்த விதி இன்று நின்றுபோனால் அதையும் எண்ணிப் பாருங்கள்.

மாதத் தலைப்பை இரண்டு நெடுவரிசைகளுக்குச் சேர்த்து Merge செய்திருக்கிறேன். கீழே திட்டம், செலவு என்று இரண்டு உண்டு. முதல் நெடுவரிசை மட்டும் நிறம் மாறுகிறது.

இணைத்த செல்லின் மதிப்பு இடப்பக்கச் செல்லில் மட்டுமே இருக்கிறது. வலப்பக்கச் செல் உள்ளே காலிதான். ஒவ்வொரு மாதத்துக்கும் சரியாக இரண்டு நெடுவரிசைகள் என்றால், "என் தலைப்பு பொருந்துகிறது, அல்லது என் தலைப்பு காலி, இடப்பக்கத் தலைப்பு பொருந்துகிறது" என்று கேட்கலாம். அட்டவணை B-இல் தொடங்குவதால் B-க்கு இடப்பக்கம் A:

```
=AND($A$1<>"",OR(B$3=$A$1,AND(B$3="",A$3=$A$1)))
```

மூன்று நெடுவரிசைகள் என்றால் இந்த ஃபார்முலா நீண்டு குழப்பிவிடும். அப்போது இரண்டாம் வரிசையில் ஒவ்வொரு நெடுவரிசைக்கு மேலும் மாதப் பெயரை மீண்டும் மீண்டும் எழுதி, அந்த வரிசையை மறைத்துவிட்டு, விதியை `=B$2=$A$1` என்று வைப்பதே சுத்தமான வழி. மறைத்த வரிசையையும் விதி படிக்கும்.

இப்போது பன்னிரண்டு மாதம்தான் இருக்கிறது, வரிசைகள் கூடிக்கொண்டே போகும். B முதல் M வரை நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்துவிடலாமா?

வேலை செய்யும், ஆனால் தாளின் அடிவரை நிறம் ஓடும். எதிர்காலத்துக்காக 500-ஆம் வரிசைவரை பகுதியை நீட்டி, இனத்தின் பெயர் எழுதப்பட்ட வரிசைக்கு மட்டும் நிறம் என்று நிபந்தனை சேர்ப்பது அழகாக இருக்கும்:

```
=AND($A$1<>"",B$3=$A$1,$A3<>"")
```

இங்கே `$A3` என்பதில் டாலர் A-க்கு முன்னால் வந்திருப்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு செல்லும் தன் வரிசையின் முதல் செல்லைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதால் நெடுவரிசை நிற்கிறது, வரிசை நகர்கிறது. A3-இல் ஏதாவது எழுத்து இருந்தால்தான் தலைப்பும் நிறம் பெறும்.

மாதம் தேர்ந்தெடுக்காதபோது வலப்பக்கத்தில் தலைப்பில்லாத நெடுவரிசைகள் நிறம் பெறுவதாகச் சிலர் எழுதுகிறார்கள். காலியும் காலியும் சமம் என்பதால் நேர்வது அது. இதே `$A$1<>""` அதையும் தடுத்துவிடும்.

மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் செல் வேறு தாளில் இருக்கிறது. முடியுமா?

எக்செல் 2010 முதல் நேரடியாகவே `=B$3=Summary!$A$1` என்று எழுதலாம். 2007-இல் அது ஏற்கப்படாது. அந்தச் செல்லுக்கு ஒரு பெயர் சூட்டி அந்தப் பெயரைப் பயன்படுத்த வேண்டும். வேறு கோப்பில் உள்ள செல்லை எந்தப் பதிப்பிலும் விதிக்குள் குறிப்பிட முடியாது. அதை இந்தக் கோப்பின் ஒரு செல்லுக்கு முதலில் கொண்டுவர வேண்டும். கூகுள் ஷீட்ஸில் இப்படி எழுதுங்கள்:

```
=B$3=INDIRECT("Summary!$A$1")
```

தாளின் பெயரை மாற்றினால் மேற்கோள் குறிக்குள் உள்ள பெயர் தானாக மாறாது. நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

சில மாதங்கள் நன்றாக இருந்தது. இப்போது ஜூன் நெடுவரிசையில் இடையிடையே சில செல்கள் மட்டும் நிறமில்லாமல் விட்டுப்போகின்றன.

வெட்டி ஒட்டுவதும், வேறு இடத்திலிருந்து வடிவமைப்போடு நகலெடுத்து ஒட்டுவதும் விதியின் பகுதியைத் துண்டாக்கிவிடுகின்றன. Manage Rules-ஐத் திறந்து, மேலே This Worksheet என்று தேர்ந்தெடுத்தால், ஒரே ஃபார்முலா பல வரிகளில் பிரிந்து கிடப்பதைக் காண்பீர்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கி, எஞ்சியதன் Applies to பெட்டியில் `=$B$3:$M$20` என்று முழுப் பகுதியையும் மீண்டும் எழுதுங்கள். B3-ஐச் சொடுக்கிவிட்டு இதைச் செய்தால், ஃபார்முலா `=B$3=$A$1` என்றே இருக்கிறதா என்பதையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளலாம். இனிமேல் தொகைகளை ஒட்டும்போது Paste Special-இல் Values மட்டும் ஒட்டினால் விதி சிதையாது.